பிரேம் போட்ட படத்தைக் கண்ணாடி உடையாமல் கூரியரில் அனுப்புவது எப்படி

போன மாரிகாலத்தில் அம்மம்மாவின் பழைய படம் ஒன்றுக்குப் பிரேம் போட்டு, மட்டக்களப்பிலிருந்து வெள்ளவத்தையில் இருக்கும் தங்கச்சிக்குக் கூரியரில் அனுப்பினேன். பெட்டி போய்ச் சேர்ந்தபோது வெளியே ஒரு நெளிவுகூட இல்லை. திறந்து பார்த்தால் கண்ணாடி நட்ட நடுவில் உடைந்திருந்தது. கண்ணாடியை மாற்றிவிடலாம், அது பரவாயில்லை. ஆனால் உடைந்த சில்லுகள் வழி நெடுகிலும் படத்தின் மேல் உராய்ந்து, அம்மம்மாவின் கன்னத்தில் வெள்ளைக் கோடுகளாகக் கீறியிருந்தன. அந்தப் படத்துக்கு வேறு பிரதி இல்லை.

பெட்டி நன்றாக இருக்க, உள்ளே எப்படி உடைந்தது? நான் பிரேமைப் படுக்கை வாட்டில் வைத்திருந்தேன். 300 கிலோமீற்றருக்கு மேல் போகும் வழியில் அதன் மேல் வேறு பார்சல்களை அடுக்கியிருப்பார்கள். காட்போட் பாரத்துக்கு வளைந்து கொடுத்து, பாரம் போனதும் பழையபடி நிமிர்ந்துவிடும். கண்ணாடி அப்படி வளையாது. பிரேமின் நடுப்பகுதியில் கண்ணாடிக்கு ஓரத்தைத் தவிர வேறு தாங்கல் கிடையாது, அதனால் அங்கேதான் முதலில் உடைகிறது. இதைத் தெரிந்துகொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் எதற்கு என்று தானாகவே விளங்கும்.

இப்போது நான் செய்யும் முறையை, 12க்கு 15 அங்குலப் படம் ஒன்றை வைத்துச் சொல்கிறேன். மரச் சட்டத்தோடு சேர்த்து அது 14க்கு 17 அங்குலம் வரும்.

முதலில் கண்ணாடி

கண்ணாடியின் மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். பெருக்கல் குறி மாதிரி இரண்டு துண்டு ஒட்டினால் போதாது. இந்த டேப் கண்ணாடி உடைவதைத் தடுக்காது. உடைந்தால் சில்லுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், படத்தில் கீறல் விழாது. பிரவுண் டேப் வேண்டாம், அதன் பசை கண்ணாடியில் பிசுபிசுவென்று நின்றுவிடும். மரச் சட்டத்தின் மேல் எந்த டேப்பும் படக்கூடாது, வர்ணம் உரிந்து வரும்.

அடுத்து வருவதுதான் முக்கியமான வேலை. பழைய பெட்டி ஒன்றிலிருந்து, சட்டத்துக்கு உள்ளே தெரியும் கண்ணாடியின் அதே அளவுக்குக் காட்போட் வெட்டி, சட்டத்தின் பள்ளத்துக்குள் வையுங்கள். ஒன்று போதாவிட்டால் இரண்டு. விரலால் தடவிப் பாருங்கள்: காட்போட்டும் சட்டமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்போது மேலே இருந்து வரும் பாரத்தை மரமும் சேர்ந்து தாங்கும். காட்போட் மேலே துருத்திக்கொண்டு நின்றால் பாரம் முழுக்கக் கண்ணாடிக்கே போகும். அப்படியானால் ஒரு மட்டையை எடுத்துவிடுங்கள்.

மூலைகளும் சுற்றும் தாளும்

பார்சல் கீழே விழும்போது பெரும்பாலும் மூலைதான் முதலில் அடிபடும். நான்கு மூலைக்கும் காட்போட்டை மடித்துத் தொப்பி மாதிரிப் போட்டு விடுங்கள். பிறகு முழுப் பிரேமையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு வாயை ஒட்டுங்கள். ஐப்பசி முதல் தை வரை நம் பக்கத்து மழையில் இது கட்டாயம். ஈரம் குடித்த காட்போட் துணி மாதிரித் தொய்ந்துவிடும், வெளியே மட்டும் பொலித்தீன் சுற்றினால் ஒரு சின்னக் கிழிசல் போதும், படம் நனைந்துவிடும்.

அதன் மேல் பபிள் ரேப் மூன்று சுற்று, குமிழ் உள்பக்கம் பார்க்க. இறுக்கிச் சுற்றிக் குமிழை நசுக்க வேண்டாம், காற்று இருந்தால்தான் அது மெத்தை. சுற்றிய பிறகு பிரேமை விடப் பெரிய இரண்டு காட்போட் மட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டுங்கள். மட்டைக்குள் ஓடும் வரிகளைக் கவனியுங்கள்: முன் மட்டையின் வரி நெடுக்காகவும் பின் மட்டையின் வரி குறுக்காகவும் இருந்தால் எந்தப் பக்கமும் சுலபமாக மடியாது.

பெட்டியும் நிற்கும் வாட்டும்

சுற்றி முடித்த கட்டு ஏறத்தாழ 15க்கு 18 அங்குலம், தடிப்பு 2 அங்குலம் இருக்கும். எல்லாப் பக்கமும் 2 அங்குலம் இடம் வேண்டும், ஆகவே 19க்கு 22 அங்குலம், அகலம் 6 அங்குலமான பெட்டி தேவை. ரீவி அல்லது கணினித் திரை வந்த பெட்டியைக் கடைகளில் கேட்டு வாங்கி, அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். அடியில் ரெஜிபோம் துண்டுகளை அடுக்கி, பிரேமை நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் கசக்கிய பத்திரிகைத் தாளை நெருக்கமாக அடையுங்கள். வயலில் சும்மா கிடைக்கிறதே என்று வைக்கோல் அடைக்காதீர்கள். அது ஈரத்தை வைத்திருக்கும், வழியில் அமுங்கி மேலே இடைவெளி விடும்.

ஏன் நிமிர்த்தி? இதை எனக்குச் சொன்னவர் கண்ணாடி வெட்டும் கடைக்காரர். “மனே, நாங்க கண்ணாடிய எப்பயும் நிமித்தித்தான் ஏத்துவம். படுக்கப் போட்டா வழியில உடைஞ்சிரும்” என்றார். அவர் கடையில் எல்லாக் கண்ணாடியும் சுவரில் சாய்ந்துதான் நிற்கிறது. கண்ணாடித் தட்டுகளுக்கும் இதே கதைதான், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் விளிம்பு கீழே இருக்க நிறுத்துங்கள். பீங்கான் கோப்பை என்றால் உள்ளே தாள் திணித்து, பிடியைச் சுற்றித் தாளை மொத்தமாகச் சுற்றி, பிடி தெரியாமல் பந்து மாதிரி ஆக்கிவிட்டுப் பெட்டியில் வைக்கலாம்.

மூடும் முன் பெட்டியை இரண்டு கையாலும் ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவும் நகர்ந்தால், சத்தம் கேட்டால், மேலும் தாள் அடையுங்கள். பிறகு மேல் மூடியின் நடு இணைப்பிலும் இரு ஓர இணைப்புகளிலும் பிரவுண் டேப் ஒட்டுங்கள், அடியிலும் அப்படியே. முழங்கால் உயரத்திலிருந்து ஒரு தடவை தரையில் போட்டும் பார்ப்பேன். மனம் பதறும்தான், ஆனால் அதற்குக்கூடத் தாங்காத பெட்டியை வீட்டிலேயே திருத்துவது நல்லது.

‘உடையும் பொருள்’ என்று மூன்று மொழியிலும் எழுதி, மேல்பக்கத்துக்கு அம்புக்குறி போடுங்கள். இதை நம்பிப் பொதியைக் குறைக்க வேண்டாம், அவசரத்தில் யாரும் வாசிக்காமலும் போகலாம். கூரியர்காரரிடம் கண்ணாடிக்கு நட்டஈடு உண்டா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

கனடா, லண்டன் என்று அனுப்புபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக் கூரியரில் பெரும்பாலும் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து ஒரு எடை கணக்கிடுவார்கள். நம் பெட்டி 48, 56, 15 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய 8 கிலோ. உண்மையான எடை 3 கிலோவாக இருந்தாலும் 8 கிலோவுக்கே காசு. அவ்வளவு தூரத்துக்குப் பிரேம் கடையிலேயே கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடச் சொல்லுங்கள். அது கண்ணாடி மாதிரிச் சுலபமாக உடையாது, ஆனால் லேசில் கீறல் விழும். அதனால் மேலே ஒட்டி வரும் பாதுகாப்புத் தாளை உரிக்காமல் அனுப்புங்கள். மற்றப் பொதியெல்லாம் அதே மாதிரித்தான், மாஸ்கிங் டேப் மட்டும் தேவையில்லை.

அனுப்பியதும் பெறுபவருக்கு ஒரு அழைப்பு எடுத்துச் சொல்லிவிடுங்கள்: கத்தியை ஆழமாக இறக்காமல் டேப்பை மட்டும் கீற வேண்டும், மாஸ்கிங் டேப்பை ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும், உள்ளே சில்லுச் சத்தம் கேட்டால் பிரேமைக் கவிழ்க்காமல் கண்ணாடி மேலே பார்க்க மேசையில் வைத்துவிட்டு உங்களுக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.