டைட்டில் ஏன் தெரியவில்லை?

அக்கா மகளின் அரங்கேற்ற வீடியோவை Kdenlive என்ற மென்பொருளில் எடிட் செய்தபோது, பெயர் எழுதிய டைட்டில் டைம்லைனில் இருந்தும் திரையில் வரவில்லை. பிளே செய்தால் ஆட்டம் மட்டும்தான் ஓடியது.

டைம்லைனில் இடமிருந்து வலமாகப் போவது நேரம். அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் வரிசைகள்தான் டிராக்: V1, V2 படத்துக்கு, A1, A2 ஒலிக்கு. பட டிராக்குகளில் மேலே இருப்பது கீழே இருப்பதை மறைத்துவிடும். என் வீடியோ V2-இல், டைட்டில் V1-இல். சந்தேகத்துக்கு V2-ஐ மறைக்கும் பொத்தானை அழுத்தினேன். உடனே எழுத்து தெரிந்தது. சரி, இதுதான் விஷயம். மேலே V3 என்று ஒரு டிராக் சேர்த்து, டைட்டிலை நேராக மேலே இழுத்து வைத்தேன். பக்கவாட்டில் நகர்ந்தால் அது வரும் நேரமும் மாறிவிடும். ஒலி டிராக்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, எல்லாம் கலந்தே கேட்கும்.

அப்புறம், டிராக்கில் நாம் வைக்கும் துண்டுதான் கிளிப். அது அசல் ஃபைல் அல்ல, அதன் எந்தப் பகுதி ஓட வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே. அதனால் ஓரத்தை உள்ளே இழுத்துச் சுருக்கினாலும் எதுவும் அழியாது. மறுபடி வெளியே இழுத்தால் திரும்ப வரும். ஆனால் அசல் வீடியோவை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால், அடுத்த முறை திறக்கும்போது ஃபைலைக் காணோம் என்று கேட்கும்.