வீடு கட்டும்போதே கரையான் தடுப்பு: பேஸ்மென்ட் மண்ணுக்கு மருந்திடும் முறை

கரையான் சிமெண்டைத் தின்பதில்லை. தரைக்கும் சுவருக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விரிசல் கிடைத்தால், அதன் வழியாக மண் குழாய் கட்டிக்கொண்டு ஏறிவந்து நிலைக்கால், அலமாரி, புத்தகம் என்று காகிதமும் மரமும் உள்ள இடத்தை அடைந்துவிடுகிறது. ஆகவே வீடு கட்டும்போது செய்யப்படும் தடுப்பு என்பது, வீட்டுக்கும் அடிமண்ணுக்கும் இடையில் மருந்து ஊறிய மண்ணாலான, எங்கும் அறுபடாத ஓர் அடுக்கை உண்டாக்குவதே ஆகும். இதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6313, அதன் இரண்டாம் பகுதி, கட்டும்போதே மண்ணுக்கு மருந்திடுவதைப் பற்றியது.

எங்கள் வீட்டுக்கு மருந்தடிக்க வந்தவர்கள், வயலுக்குத் தெளிப்பதைப்போல முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பானில் நான்கு டேங்க் அடித்துவிட்டுச் சென்றார்கள். மண்ணின் மேற்பரப்பு நனைந்திருந்ததைப் பார்த்து நாங்களும் திருப்தியடைந்தோம். மூன்றாம் ஆண்டில் சமையலறை நிலையின் அடியில் மண் கோடு தெரிந்தபிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே முதலில் விளக்குகிறேன். மருந்தின் பெயரைவிட அதுவே முக்கியம்.

முதலில் அளவைக் கணக்கிடுங்கள்

9 மீட்டருக்கு 12 மீட்டர் அளவில், ஏறத்தாழ 30க்கு 40 அடியில், காலம் எனப்படும் காங்கிரீட் தூண்களை நிறுத்திக் கட்டும் ஒரு தரைத்தள வீட்டை எடுத்துக்கொள்வோம். பேஸ்மென்ட் உயரம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர். உள்சுவர்களின் மொத்த நீளம் 20 மீட்டர்.

பேஸ்மென்ட் நிரப்பு மண்ணின் மேற்பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலவை தேவை. பரப்பு 108 சதுர மீட்டர் என்பதால் 540 லிட்டர் ஆகிறது. சுவர் ஓரங்களுக்கு, மண்ணைத் தொட்டு நிற்கும் சுவர்ப்பரப்பில் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர் வேண்டும். 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு, ஒரு மீட்டர் நீளச் சுவருக்கு நான்கரை லிட்டர். வெளிச்சுவர்களின் உள்பக்கம் 42 மீட்டர், உள்சுவர்களின் இரு பக்கமும் சேர்த்து 40 மீட்டர், ஆக 82 மீட்டருக்குச் சுமார் 370 லிட்டர். கட்டடம் முடிந்தபின் வெளிச்சுற்றுக்கு ஏறத்தாழ 95 லிட்டர். மொத்தம் ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேல், அதாவது 200 லிட்டர் டிரம்மில் ஐந்து. எங்கள் வீட்டில் ஊற்றப்பட்டதோ 64 லிட்டர்.

மருந்தும் கலவையும்

இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி, ஆயிரம் லிட்டருக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று கூடுதலாகத் தேவைப்படும். குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. என்றால் ஒரு லிட்டர் மருந்துக்கு 19 லிட்டர் தண்ணீர். அதே ஆயிரம் லிட்டருக்கு 50 லிட்டர் மருந்து வேண்டும். புட்டியின் முத்திரை உங்கள் கண்முன்னே உடைக்கப்பட்டு, டிரம்மிலேயே கலக்கப்பட வேண்டும். கையுறை, ரப்பர் பூட்ஸ், முகக்கவசம் ஆகியவை இல்லாமல் எவரையும் இந்த வேலையில் இறக்காதீர்கள். மனையில் கிணறு இருந்தால், அதன் அருகில் மருந்திடுவதைத் தவிர்ப்பது பற்றி வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். குடிநீரில் கலந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை.

படி 1: குழியும் காலமும்

அடித்தளத்துக்கு வானம் தோண்டியபின் பழைய வேர், மரத்துண்டு, சவுக்குக் கம்பு, சென்ட்ரிங் பலகையின் சில்லு ஆகிய அனைத்தையும் பொறுக்கி வெளியேற்ற வேண்டும். காங்கிரீட் காலங்களைச் சுற்றி மண்ணை மூடும்போது, தரைமட்டத்துக்கு அரை மீட்டர் கீழிருந்து மேல்நோக்கி, காலத்தையும் பிளிந்த் பீமையும் ஒட்டிய மண்ணுக்கு அதே 7.5 லிட்டர் வீதத்தில் மருந்திட்டால் போதும். மேலே சொன்ன மொத்தத்தில் இது சேரவில்லை.

படி 2: பேஸ்மென்ட் மேற்பரப்பு

தவறுகள் பெரும்பாலும் நடப்பது இங்கேதான். கிராவலைக் கொட்டி, தண்ணீர் விட்டு, திம்சு போட்டு இறுதி மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே மருந்திட வேண்டும். கழிவறை, சமையலறைக் குழாய்களையும் அதற்கு முன்பே பதித்துவிட வேண்டும். மருந்து ஊற்றியபின் பிளம்பர் வந்து ஓர் அடி அகலத்துக்குப் பள்ளம் வெட்டினால், அந்தப் பள்ளமே கரையானுக்கு வாசலாகிவிடும்; வெட்டிய இடத்துக்கு மீண்டும் மருந்திடாமல் மூடக்கூடாது. மருந்திட்ட மண்ணின்மேல் "மட்டம் கொஞ்சம் குறைகிறது" என்று புது மண்ணைக் கொட்டுவதும் அதே பிழைதான்.

சுண்ணாம்புத்தூளால் பரப்பை 3 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக்குப் பன்னிரண்டு கட்டங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் 45 லிட்டர், அதாவது பத்து லிட்டர் வாளியால் நாலரை வாளி. பூவாளியால் சீராக ஊற்றி, ஒரு கட்டம் முடிந்ததும் அடுத்ததற்குப் போகலாம். தெளிப்பானைவிட இந்த முறையில் எண்ணிக்கை தவறாது.

கெட்டியாக இறுகிய கிராவல் சில இடங்களில் மருந்தை உறிஞ்சாது. கலவை மேலேயே ஓடி மூலையில் தேங்கும். அங்கே 12 மி.மீ. கம்பியால் 15 சென்டிமீட்டர் இடைவெளியில், இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்குத் துளையிட்டு ஊற்றினால் இறங்கிவிடும். மண் புழுதியாகக் காய்ந்திருந்தால் முதலில் லேசாக நீர் தெளிக்கலாம். மழையில் ஊறிச் சேறாக இருந்தால் அன்று வேலையைத் தள்ளிப்போடுவதே சரி. நீர் நிறைந்த மண் மருந்தை ஏற்காது. ஊற்றி அரை மணி நேரம் கழித்து ஒரு மூலையில் கரண்டியால் கிளறிப் பாருங்கள். மேலே மட்டும் ஈரமும் ஓர் அங்குலத்துக்குக் கீழே வெளிறிய காய்ந்த மண்ணும் தெரிந்தால் அளவு போதவில்லை.

படி 3: சுவர் ஓரம்

தரை காங்கிரீட் நாளடைவில் சுருங்கி, சுவரைவிட்டு மயிரிழை அளவு விலகுவதால், கரையான் பெரும்பாலும் ஏறுவது இந்த ஓரத்தில்தான். சுவர், காலம் ஒவ்வொன்றையும் ஒட்டி 3 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள சிறு வாய்க்கால் கீறி, அதில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தரைமட்டம் வரை கம்பியை இறக்கித் துளையிட்டு, மீட்டருக்கு நான்கரை லிட்டர் வீதம் நிதானமாக ஊற்ற வேண்டும். பின்னர் வாய்க்காலை மண்ணால் மூடி இறுக்கிவிடலாம். குழாய்கள் தரையைத் துளைத்து வரும் இடங்களிலும் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி ஊற்ற வேண்டும்.

கலவை உறிஞ்சப்பட்டவுடன், வெயிலும் மழையும் படாதபடி, மறுநாளே தரைக்கான பி.சி.சி. காங்கிரீட்டைப் போட்டுவிடுவது நல்லது. ஆகவே ஜல்லியும் சிமெண்டும் ஆட்களும் தயாரான பிறகே மருந்துக்காரரை அழைக்கவும்.

படி 4: வெளிச்சுற்று

பூச்சு வேலையும் வெளிப்புற மண் நிரப்புதலும் முடிந்தபின், சுவரை ஒட்டி 15 சென்டிமீட்டர் இடைவெளியில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, மீட்டருக்கு இரண்டேகால் லிட்டர் ஊற்றி, அதன்மேல் காங்கிரீட் நடைதளம் போடுங்கள். பிறகு தோட்டத்துக்காக அந்தச் சுவரின்மேல் மண்ணை அணைத்துவிட்டால், மருந்தைத் தொடாமலேயே கரையான் அந்த மண்ணின் வழியாக ஏறிவிடும்.

இவ்வளவும் மண்ணிலிருந்து வரும் கரையானுக்கு மட்டுமே. பழைய கட்டிலிலோ மரப்பெட்டியிலோ குடியிருந்து உள்ளே வரும் உலர்மரக் கரையானுக்கு மண்ணே தேவையில்லை. அது மண் கோடும் போடாது. மரத்தின் அடியில் கசகசா போன்ற சிறு மணிகள் உதிர்ந்திருந்தால் அது இந்த வகை. அந்த மரத்துக்குத் தனியாக மருந்திட வேண்டும்.