மாதாமாதம் நுனி வெட்டியும் முடி வளராத கதை

ஒன்றரை வருடமாக என் முடி தோளைத் தாண்டவே இல்லை. நுனி வெட்டினால் வேகமாக வளரும் என்று பார்லரில் சொன்னதை நம்பி, மாதம் தவறாமல் அரை அங்குலம் வெட்டினேன். எண்ணெயை மாற்றினேன், வெங்காயச் சாறு தேய்த்தேன். தலையணை நாறியதுதான் மிச்சம்.

உண்மையைக் காட்டியது என் நரைமுடி. முன்நெற்றியில் மருதாணி போட்ட இடத்துக்குக் கீழே வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. ஸ்கேலை வைத்து அளந்தேன்: மாதத்துக்குச் சுமார் 1.25 செ.மீ. அடுத்த மாதம் வெட்டாமல் விட்டு அளந்தேன், அதே அளவுதான். முடி வளர்வது தோலுக்குள் இருக்கும் வேரில்; வெளியே தெரிவது உயிரற்ற இழை. நுனியை வெட்டியது வேருக்கு எப்படித் தெரியும்? 1.25 செ.மீ. என்பது அரை அங்குலம். வளர்ந்ததை அப்படியே வெட்டிப் போட்டிருக்கிறேன்!

அப்புறம் சீப்பில் வந்த முடியைப் பார்த்தேன். பல இழைகள் குட்டையாக, முனையில் வெள்ளைக் குமிழ் இல்லாமல் இருந்தன. குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது, இல்லையென்றால் நடுவில் ஒடிந்தது. ஈரத் தலையில் ரப்பர் பேண்டை இறுக்கிப் போடுவேன், அதுதான் காரணம். அதை நிறுத்தினேன்.

இப்போது நான்கு மாதத்துக்கு ஒருமுறை, பிளந்த நுனி மேலே ஏறாமலிருக்க அரை அங்குலம் மட்டும் வெட்டுகிறேன். எட்டு மாதத்தில் மூன்று அங்குலம் கூடியிருக்கிறது.