விபத்துக்குப் பின் டெலிவரி ஊழியர் எழுதித் தரும் விவரக் கடிதம்: ஒரு செய்முறை விளக்கம்

சென்ற ஐப்பசி மழையில், இரவு உணவுப் பார்சல் ஒன்றைக் கொண்டு செல்லும்போது பள்ளிக்கரணையில் ஒரு கார் என் வண்டியை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. நிறுவனம் எங்களுக்காக எடுத்திருந்த குழு விபத்துக் காப்பீட்டில் இழப்பீடு கேட்டேன். முதல் முறை விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்றைச் சொல்ல, மருத்துவமனைப் பதிவு வேறொன்றைச் சொன்னதே காரணம். இரண்டாம் முறை எழுதிய கடிதம் ஏற்கப்பட்டது. அதை எப்படி எழுதினேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எழுத உட்காரும் முன்

முதலில் செயலியைத் திறந்து, அன்றைய ஆர்டரின் எண், அதை ஏற்ற நேரம், பார்சல் எடுத்த நேரம், அன்று உள்நுழைந்த நேரம் ஆகியவை தெரியும் திரைகளைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆர்டர்கள் சில நாட்களில் செயலியில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். குழுக் காப்பீடுகள் பலவற்றில் பணியில் இருந்த நேரத்தில் நடந்த விபத்துக்கு மட்டுமே பணம் கிடைக்கும். பணி நேரம் என்பது உள்நுழைந்ததிலிருந்தா, ஆர்டரை ஏற்றதிலிருந்தா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். ஆகவே நேரங்களை நினைவிலிருந்து எழுதாமல் திரையைப் பார்த்து எழுத வேண்டும்.

அடுத்து, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதையும், வழக்குப் பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகலையும் வாங்கி வையுங்கள்.

2. ஏ.ஆர். காப்பியை வாங்கிப் படியுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததும், அவசரப் பிரிவில் பணியில் இருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு எழுதுவார். யார் அழைத்து வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், எங்கே, எப்படி அடிபட்டதாகச் சொன்னார்கள், என்னென்ன காயங்கள் என்பவை அதில் இருக்கும். அதன் நகலைத்தான் எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்கிறோம். காப்பீட்டு அலுவலர் முதலில் தேடிப் படிப்பது அதைத்தான், ஏனெனில் அது விபத்து நடந்த ஓரிரு மணி நேரத்துக்குள், இழப்பீட்டைப் பற்றி யாரும் யோசிக்கும் முன்பே எழுதப்படுவது.

என்னை மருத்துவமனையில் சேர்த்தவர் நான் விழுந்து கிடந்த பிறகு அங்கே வந்த வழிப்போக்கர். கார் இடித்ததை அவர் பார்க்கவில்லை. மழையில் வண்டி சறுக்கி விழுந்துவிட்டதாக அவர் சொல்ல, மருத்துவரும் ‘ஸ்கிட் அண்ட் ஃபால்’ என்று எழுதிவிட்டார். வலியில் கிடந்த எனக்கு அது தெரியாது. மூன்று நாள் கழித்து நான் எழுதிய கடிதத்தில் கார் இடித்ததாக இருந்தது. படிப்பவர் கண்ணுக்கு, பணத்துக்காகப் பின்னால் ஒரு காரைச் சேர்த்தது போலத்தான் அது தெரியும்.

ஏ.ஆர். பதிவைத் திருத்தித் தரும்படி நான் கேட்டபோது, எழுதியதை மாற்ற முடியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சேர்த்தவர் சொன்னதை எழுதுவதே அவர்கள் கடமை. எனவே முரண்பாட்டை மறைக்காமல், கடிதத்திலேயே நாமாக எடுத்துச் சொல்லி, காரணத்தையும் எழுதிவிட வேண்டும். நினைவோடு இருந்தால், மருத்துவர் கேட்கும்போதே “கார் இடித்தது” என்று நீங்களே வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.

3. கடிதம்

தலைப்பில் ‘வாக்குமூலம்’ என்று எழுத வேண்டாம். அது காவல் துறை பதிவு செய்வது. ‘விபத்து விவரக் கடிதம்’ போதும். என் கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

“அக்டோபர் 27 அன்று மாலை 6.05 மணிக்குச் செயலியில் உள்நுழைந்தேன். இரவு 8.22 மணிக்கு ஆர்டரை ஏற்று, 8.37 மணிக்கு மேடவாக்கத்தில் உள்ள உணவகத்தில் பார்சலை எடுத்துக்கொண்டு, வேளச்சேரியில் உள்ள முகவரியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தேன். லேசான மழை பெய்துகொண்டிருந்தது, தெருவிளக்குகள் எரிந்தன, தலைக்கவசம் அணிந்திருந்தேன். பள்ளிக்கரணையில் இடப்பக்கத் தெரு ஒன்றிலிருந்து வெளியே வந்த வெள்ளை நிறக் காரின் முன்பகுதி என் வண்டியின் இடப்பக்கக் கால்மிதியில் இடித்தது. நான் வலப்பக்கமாக விழுந்து வலது கையை ஊன்றினேன். காரின் எண்ணை நான் பார்க்கவில்லை. அதன் கடைசி இரு எண்கள் 4, 7 என்று அருகில் இருந்த தேநீர்க் கடைக்காரர் பின்னர் என்னிடம் கூறினார். என்னை மருத்துவமனையில் சேர்த்தவர் நான் விழுந்த பிறகு வந்தவர் என்பதால், வண்டி சறுக்கியதாக அவர் கூறியது ஏ.ஆர். பதிவில் உள்ளது, கார் இடித்ததை அவர் பார்க்கவில்லை.”

இதில் நான் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, எனக்குத் தெரியாதது ஆகிய மூன்றும் தனித்தனி வாக்கியங்களில் இருப்பதைக் கவனியுங்கள். முதல் கடிதத்தில் “47 என்று முடியும் எண்ணுள்ள கார் அதிவேகமாக வந்து மோதியது” என்று எழுதியிருந்தேன். அந்த எண்ணை நான் பார்க்கவில்லை. காரின் வேகத்தை அளக்கவும் எனக்கு வழியில்லை. ‘அதிவேகமாக’, ‘குடிபோதையில்’ போன்ற சொற்களை எடுத்துவிட்டு, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, வண்டியின் எந்த இடத்தில் பட்டது என்று எழுதினால் வண்டியில் உள்ள நசுங்கலே உங்களுக்குச் சாட்சி சொல்லும். என் கால்மிதி உள்பக்கமாக மடங்கியிருந்த புகைப்படம், வண்டி வெறுமனே வலப்பக்கம் சறுக்கி விழவில்லை என்பதைக் காட்டியது.

4. அனுப்புதல்

நிறுவனத்துக்கும் காப்பீட்டுக்கும் ஒரே கடிதத்தின் நகல்களைக் கொடுங்கள். இரண்டு முறை எழுதினால் எங்காவது ஒரு நேரமோ ஒரு சொல்லோ மாறிவிடும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. வெள்ளைத் தாளில் நீல மைப் பேனாவால் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமும் தேதியும் இட்டு, படியெடுத்து மின்னஞ்சலில் அனுப்புவதே நல்லது, அனுப்பிய நாளும் நேரமும் அதில் பதிவாகிவிடும். கை கட்டுப் போட்டிருந்தால் வேறொருவர் எழுதலாம், அப்படியானால், “நான் சொல்ல இன்னார் எழுதினார், படித்துக் காட்டக் கேட்டு ஒப்பமிட்டேன்” என்று கடைசியில் சேர்க்க வேண்டும். எனக்கு என் தங்கைதான் எழுதித் தந்தாள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த தம்பி ஒருவர், சொந்த உபயோகத்துக்கான பாலிசி உள்ள வண்டியில் டெலிவரி செய்ததால், வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டதாகவும், டெலிவரி செய்ததைச் சொல்லாமல் விட்டிருக்கலாமா என்றும் கேட்டார். விடக் கூடாது. தனிப்பட்ட உபயோகத்துக்கு என்று நிபந்தனை உள்ள பாலிசியில் அப்படி மறுக்க இடமுண்டு என்பது உண்மைதான். ஆனால் அதே விபத்துக்கு நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பணியில் இருந்ததாகவும், வண்டிக் காப்பீட்டில் பணியில் இல்லை என்றும் எழுதினால் இரண்டுமே கெட்டுவிடும்.

இடித்த வாகனம் கடைசி வரை தெரியாமலே போனால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆவது பிரிவின் கீழ், இடித்துவிட்டு ஓடிய வாகனத்தால் கொடுங்காயம் அடைந்தவருக்கு ரூ.50,000, உயிரிழந்தவர் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம் என இழப்பீடு உண்டு. இந்தத் தொகை 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் கொடுங்காயமே. வருவாய்த் துறையின் விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்துடனும் இதே கடிதத்தின் நகலையே இணைத்தேன்.