சீசன் முடிந்ததும் ஓடிடி சந்தாவை நிறுத்தி, தேவைப்படும்போது மீண்டும் சேர்வது எப்படி?

ஒரே நேரத்தில் மூன்று ஓடிடி தளங்களுக்குப் பணம் கட்டிவிட்டு ஒன்றை மட்டுமே பார்ப்பவர்கள், ஒரு தளத்தை முடித்துவிட்டு அடுத்ததற்கு மாறிக்கொள்ளலாம். இதற்கு மாதச் சந்தாவே ஏற்றது. ஆண்டுச் சந்தாவை இடையில் நிறுத்தினால் மீதித் தொகை பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது.

படி 1: சேரும் நாளைக் கணக்கிடுங்கள்

வாரம் ஒரு எபிசோடாக வெளியாகும் தொடர்களில்தான் பணம் அதிகம் வீணாகிறது. எட்டு எபிசோடுகள் கொண்ட ஒரு தொடர் ஜூன் 1 அன்று தொடங்கினால், கடைசி எபிசோடு ஜூலை 20 அன்று வரும். முதல் நாளே சேர்பவருக்கு ஜூலை 1 அன்று சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதால், இரண்டு மாதக் கட்டணம் ஆகிறது. ஐந்தாம் எபிசோடு வெளியாகும் ஜூன் 29 அன்று சேர்பவருக்கோ, முதல் ஐந்தும் தயாராகக் காத்திருக்கும். மீதி மூன்றையும் வெளியாகும் அன்றே பார்த்து முடித்த பிறகும், ஜூலை 29 வரை ஒன்பது நாள்கள் மிஞ்சும். கதையை யாராவது முன்கூட்டியே சொல்லிவிடுவார்களே என்று அஞ்சுபவர்களுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு சற்றுக் கடினம்.

படி 2: சேர்ந்த அன்றே ரத்து செய்யுங்கள்

பெரும்பாலான தளங்களில், ரத்து செய்த பின்னரும் பணம் கட்டிய காலம் முடியும்வரை பார்க்க முடியும். எனவே கடைசி நாள்வரை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் உறுதிப்படுத்தும் பொத்தானை அழுத்தும் முன், எந்தத் தேதிவரை பார்க்கலாம் என்று திரையில் வரும் வரியைப் படியுங்கள். இலவசச் சோதனைக் காலத்தில் ரத்து செய்தால், சில தளங்கள் உடனே மூடிவிடும்.

செயலியை நீக்குவது ரத்து ஆகாது. நான் ஒருமுறை அப்படி நீக்கிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அடுத்த மாதமும் பணம் போனது. நீங்கள் பணம் கட்டிய வழியிலேயே ரத்து செய்ய வேண்டும். தளத்தில் நேரடியாகக் கட்டியிருந்தால் அதன் கணக்குப் பக்கத்திலும், கூகுள் பிளே அல்லது ஆப்பிள் வழியாகக் கட்டியிருந்தால் அங்குள்ள Subscriptions பகுதியிலும், தொலைபேசித் திட்டத்துடன் சேர்ந்து வந்திருந்தால் அந்த நிறுவனத்திடமும் செய்யுங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரவில்லையெனில், கணக்கில் மீண்டும் நுழைந்து, புதுப்பிப்புத் தேதி இருந்த இடத்தில் முடிவுத் தேதி காட்டுகிறதா என்று பாருங்கள்.

படி 3: திரும்பச் சேரும்போது

பழைய மின்னஞ்சலிலேயே நுழையுங்கள். புதுக் கணக்கு தொடங்கினால் பார்த்த இடமெல்லாம் மறைந்துவிடும். நெட்ஃப்ளிக்ஸ், கணக்கு முடிந்த பிறகும் பார்வை வரலாற்றைச் சில மாதங்கள் வைத்திருக்கிறது. எல்லாத் தளங்களும் அப்படியல்ல என்பதால், பார்க்க நினைக்கும் தொடர்களின் பட்டியலைக் கைபேசிக் குறிப்பில் தனியே எழுதி வைத்து, அதில் ஒரு தளத்திற்கு இரண்டு மூன்று பெயர்களாவது சேர்ந்த பிறகே மீண்டும் பணம் கட்டுங்கள். கட்டணம் பழையதாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். சேரும் நாளில் உள்ள விலைதான் செல்லும்.