தால் தட்காவா, தால் ஃப்ரையா? தாளிப்பு விழும் நேரம்தான் வித்தியாசம்

சித்தூரிலிருந்து பலமநேர் போகும் சாலையோர தாபாக்களில் மெனு அட்டையை எடுத்தால் தால் ஃப்ரை, தால் தட்கா இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். எங்கள் பகுதி வீடுகளில் பப்பு என்று சொல்லும் பருப்புக்கு மேலே கொட்டும் தாளிப்புதான் தட்கா. தால் ஃப்ரையில் வெங்காயம், தக்காளியை முதலில் வதக்கி, வெந்த பருப்பை அதில் ஊற்றிக் கொதிக்கவிடுவார்கள். வதக்கியதன் ருசி பருப்புக்குள் இறங்கி அடங்கிவிடும். தட்காவில் பருப்பு தயாரான பிறகு தாளிப்பு கடைசியாக மேலே விழும், அதனால் மணம் முதலில் மூக்குக்கு வரும். சில கடைகளில் இரண்டையும் ஒன்றாகச் செய்து ஏதோ ஒரு பெயரில் தருவார்கள், அது வேறு கதை.

சீரகத்தை நேராகக் கொதிக்கும் பருப்பிலேயே போட்டால் என்ன? போடலாம், ஆனால் அந்த மணம் வராது. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகாது. நெய் அதற்கு மேலும் சூடேறும், அந்தச் சூட்டில்தான் சீரகம் வறுபடும். அதன் வாசனையும் தண்ணீரைவிட நெய்யில்தான் நன்றாக இறங்கும்.

நான்கு பேருக்குச் செய்து பார்ப்போம். முக்கால் கப் துவரம்பருப்பைக் கழுவி, இரண்டேகால் கப் தண்ணீர், கொஞ்சம் மஞ்சள்தூள் சேர்த்துக் குக்கரில் நான்கு விசில் விடுங்கள். மசித்து, உப்பு போட்டு, கரண்டியிலிருந்து வழியும் பதத்துக்கு வெந்நீர் சேர்த்துக் கொதிக்கவைத்து இறக்குங்கள். தாளிக்கும்போது பருப்பு சூடாக இருக்க வேண்டும்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே தாளிப்புச் சாமான்களை எடுத்து வையுங்கள்: ஒரு டீஸ்பூன் சீரகம், நறுக்கிய பூண்டு ஆறு பல், காய்ந்த மிளகாய் மூன்று, ஒரு சிட்டிகை பெருங்காயம், அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள். நெய் காய்ந்த பிறகு டப்பாவைத் தேடினால் காரியம் கெட்டுவிடும்.

ஈரமில்லாத தாளிப்புக் கரண்டியில் இரண்டு மேசைக்கரண்டி நெய்யை மிதமான தீயில் உருக்குங்கள். ஒரே ஒரு சீரகத்தைப் போட்டுப் பாருங்கள். அடியில் சும்மா கிடந்தால் இன்னும் காயவில்லை. போட்ட உடனே கறுத்தால் சூடு அதிகம், கரண்டியைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் பொறுங்கள். சுற்றிலும் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பி சீரகம் மேலே மிதந்தால் அதுதான் பதம்.

இப்போது மீதிச் சீரகம். நிறம் ஒரு படி கூடியதும் பூண்டு. பூண்டு முழுதாகச் சிவக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஓரம் வெளிர்ப்பொன்னாக மாறும்போதே மிளகாயையும் பெருங்காயத்தையும் போட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள், மீதியை நெய்யின் சூடே பார்த்துக்கொள்ளும். மிளகாய்த்தூள் அணைத்த பிறகுதான். அதன் சிவப்பு நெய்யில் சட்டென்று இறங்கும், தீ மேல் இருந்தால் அதே வேகத்தில் கருகும். உடனே பருப்பின் மேல் ஊற்றி, சத்தம் அடங்குவதற்குள் மூடி, இரண்டு நிமிடம் கழித்துத் திறந்து லேசாகக் கிளறுங்கள்.

கடுகு போடும் வீட்டுத் தாளிப்புக்கு வரிசை கொஞ்சம் மாறும். இங்கே கடலை எண்ணெய்தான் அதிகம். கடுகு வெடிக்க நல்ல சூடு வேண்டும், அதனால் அது முதலில். பொரியாத கடுகு கசக்கும். பொரிந்து ஓயும்போது சீரகம், கடைசியில் கறிவேப்பிலை. இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் கைமேல் தெறிக்கும், துடைத்துப் போடுங்கள். பூண்டு கறுத்துக் கருகல் வாடை வந்துவிட்டால் பருப்பில் ஊற்றாதீர்கள். புதிதாகத் தாளிப்பதே லாபம்.

அப்புறம் அதே மெனு அட்டையில் வரும் இன்னும் இரண்டு சொற்கள், மசாலாவும் தம்மும். மெனுவில் ‘பன்னீர் மசாலா’ என்றால் பொடி மட்டும் இல்லை, வெங்காயம் தக்காளியைச் சுருள வதக்கிய தொக்கும் சேர்ந்தது. தண்ணீர் வற்றி, ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை வதக்கினால் பச்சை வாசனை போய்விடும்.

தம் என்பது ஆவியை வெளியே விடாமல் பாத்திரத்துக்குள்ளேயே அடைத்து வேகவைப்பது. பிரியாணியில் முக்கால் பதம் வெந்த அரிசியை வெந்த கறிமசாலா மேல் பரப்பி, மூடியின் விளிம்பைச் சுற்றிப் பிசைந்த மாவை ஒட்டுவார்கள். வீட்டில் தோசைக்கல் மேல் பாத்திரத்தை வைத்துச் சிறு தீயில் இருபது நிமிடம் விட்டால் போதும். மாவு காய்ந்து வெடித்த இடத்தில் ஆவி சீறினால் உடனே ஈர மாவை வைத்து அடையுங்கள். விட்டுவிட்டால் மேலே சோறு விறைப்பாகவே நிற்கும், அடியில் பிடித்துவிடும். அணைத்த பிறகு பத்து நிமிடம் திறக்காமல் வைத்து, தட்டைக் கரண்டியால் ஓரத்திலிருந்து எடுங்கள்.