மீன் பொரித்த வாசனை மறுநாள் கோட்டில் வராமல் இருக்க: குளிர்நாட்டுச் சின்ன வீட்டுக்கான செய்முறை

குளிர்நாட்டில் எனக்கு அது முதல் குளிர்காலம். ஒற்றை அறை வீடு. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே நாலு எட்டு தூரம்தான். வெப்பம் போய்விடுமே என்று ஜன்னலைத் திறக்கவே மாட்டேன். வாசனை போக மெழுகுவர்த்தி ஏற்றினேன், ஸ்ப்ரே அடித்தேன். ஒருநாள் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் என் கோட்டிலிருந்தே முந்தின இரவு பொரித்த மீன் வாசனை வந்தது. பிரச்சினை காற்றில் மட்டும் இல்லை, துணியில் இருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

எண்ணெய் சூடாகும்போது கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் ஆவியோடு மேலே போகின்றன. வாசனைப் பொருள்களும் அவற்றோடு சேர்ந்தே பயணம் செய்கின்றன. காற்றில் மிதக்கும்வரை அவற்றை வெளியே தள்ளிவிடலாம். திரைச்சீலை, மெத்தை, சோபா, கோட்டு என்று படிந்துவிட்டால் அவை நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வாசனையை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் நமக்குக் கிடைக்கும் நேரம் சமைக்கும் பொழுதும் அடுத்த கால் மணி நேரமும்தான். மீன் பொரிக்கும் ஒரு மாலையை எடுத்துக்கொண்டு வரிசையாகச் செய்து பார்ப்போம்.

1. முதலில் உங்கள் ஹூட் எந்த வகை என்று பாருங்கள்

அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூட்டில் (சிம்னி என்றும் சொல்வார்கள்) இரண்டு வகை உண்டு. ஒன்று குழாய் வழியாகப் புகையை வெளியே தள்ளும். மற்றது காற்றை இழுத்து, வடிகட்டி, திரும்ப அறைக்குள்ளேயே விடும். வாடகை வீடுகளில் இரண்டாவது வகை நிறைய. ஹூட்டை ஓட விட்டு அதன் மேல்புறமோ முன்புறமோ உள்ள துளைகளில் கையை வையுங்கள். காற்று கையில் அடித்தால் அது உள்ளேயே சுற்றும் வகை. மேலே உள்ள அலமாரியைத் திறந்து, குழாய் சுவருக்குள் போகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

உள்ளே சுற்றும் வகையில் கரி வடிகட்டி ஒன்று இருக்கும். வாசனையைப் பிடிப்பது அதுதான். பெரும்பாலான வடிகட்டிகளைக் கழுவ முடியாது. தினமும் சமைத்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மாற்ற வேண்டும். முன் குடியிருந்தவர் மாற்றியிருப்பார் என்று நம்ப வேண்டாம். புதிய கரி போட்டாலும் அது ஈரத்தைப் பிடிக்காது; அதற்கு ஜன்னல்தான் வழி.

எந்த வகையானாலும் உலோக வலை ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதைக் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் தேயுங்கள். எண்ணெய் அடைத்த வலையே பழைய வாசனையை வீசும்.

2. அடுப்பைப் பற்றவைக்கும் முன்

கோட்டு, கழுத்துத் துணி, காயவைத்த துணி எல்லாவற்றையும் அலமாரிக்குள் வைத்துச் சாத்துங்கள். தனி அறை இருந்தால் கதவைச் சாத்தி, அடியில் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி வையுங்கள். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் இந்தச் செய்முறையில் அதிகப் பலன் தருவது இதுதான் என்பேன்.

அப்புறம் ஹூட்டைப் போடுங்கள். புகை வந்த பிறகு போட்டால் அதற்குள் பாதி அறைக்குள் பரவியிருக்கும். பின்வரிசை அடுப்பில் வாணலியை வையுங்கள். முன்வரிசை அடுப்பின் புகை ஹூட்டுக்குப் பிடிபடாமல் நழுவிவிடும். குழாய் வழி வெளியேற்றும் ஹூட் என்றால் தூரத்து ஜன்னல் ஒன்றை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். காற்றுப் புகாமல் கட்டிய வீட்டில், உள்ளே வரக் காற்று இல்லையென்றால் வெளியே தள்ளவும் அதற்கு முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டுக் காற்றையே எடுத்து எரியும் வாயு ஹீட்டரோ விறகு அடுப்போ இருந்தால், ஜன்னலைத் திறக்காமல் வெளியேற்றும் ஹூட்டை ஓடவிடாதீர்கள். அந்த ஹீட்டரின் அல்லது விறகு அடுப்பின் புகைக்குழாயிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அறைக்குள் திரும்பி வரலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

3. பொரித்து முடித்ததும் ஐந்து முதல் பத்து நிமிடம்

அடுப்பை அணைத்ததும் வாணலியை மூடிவிடுங்கள். ஆறும் எண்ணெய் இன்னும் வாசனை விட்டுக்கொண்டுதான் இருக்கும். ஹூட் இன்னும் கால் மணி நேரம் ஓடட்டும்.

இப்போது ரேடியேட்டரைக் குறைத்துவிட்டு ஜன்னல்களை முழுசாகத் திறங்கள். எதிரெதிர் ஜன்னல் இருந்தால் இரண்டையும். ஐந்திலிருந்து பத்து நிமிடம் போதும். குறைக்காமல் விட்டால், குளிர்காற்று பட்டதும் ரேடியேட்டரின் தானியங்கி வால்வு முழுசாகத் திறந்து வெப்பத்தை வீணாக்கும். ஜெர்மனியில் இப்படிச் சட்டென்று முழுசாகத் திறந்து மூடுவதற்கு 'ஷ்டோஸ்லூஃப்டன்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

வெப்பம் எல்லாம் போய்விடுமே என்ற பயம் எனக்கும் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 சதுர மீட்டர் வீட்டில், இரண்டரை மீட்டர் உயரத்துக்கு, 75 கன மீட்டர் காற்று இருக்கிறது. அது முழுக்க ஒருமுறை மாறி, 0 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குத் திரும்பச் சூடாக, சுமார் அரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம்தான் வேண்டும். சுவரும் தரையும் மேசையும் தங்கள் சூட்டை அப்படியே வைத்திருப்பதால் மூடிய சில நிமிடங்களில் அறை பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் ஜன்னலை மணிக்கணக்கில் சாய்த்து மட்டும் வைத்தால் காற்றும் சரியாக மாறாது, ஜன்னலோரச் சுவரும் குளிர்ந்துபோய் அங்கே பூஞ்சை பிடிக்கும்.

வெளியே மழை பெய்தாலும் திறக்கலாம். 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 5 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. 20 டிகிரியில் சுமார் 17 கிராம் தாங்கும். வெளியே இருந்து வரும் காற்று உள்ளே சூடானதும் வறண்ட காற்றாகிவிடும்.

ஜன்னலுக்குப் பதிலாகப் பொது நடைபாதைக் கதவை மட்டும் திறக்க வேண்டாம். வாசனை பக்கத்து வீட்டுக்குப் போகும். புகை அலாரத்தை மூடி வைப்பதும் கூடாது.

4. அன்றிரவே துடைப்பது

அடுப்பு, அதன் பின்சுவர், ஹூட்டின் அடிப்பக்கம். வெந்நீரும் பாத்திர சோப்பும் போதும். மீன் பொரித்த நாளில் கடைசியாக வினிகரில் நனைத்த துணியால் துடையுங்கள். மீன் வாடைக்குக் காரணமான அமீன்களை அமிலம் மடக்கும். துடைக்கும் இடம் பளிங்குக் கல்லாக இருந்தால் வினிகர் வேண்டாம், பளபளப்புப் போய்விடும். கிண்ணத்தில் வினிகர் ஊற்றி அறையில் வைப்பதால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. கொதிக்க வைத்தால் ஈரம்தான் கூடும். மீன் கழிவைக் கட்டி அன்றே வெளியே போட்டுவிடுங்கள்.

5. சரியாகச் செய்தோமா?

வீட்டுக்குள்ளேயே இருந்தால் மூக்குப் பழகிவிடும், எதுவும் தெரியாது. மறுநாள் வெளியே போய்ப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பி, கதவைத் திறந்ததும் வரும் முதல் மூச்சைக் கவனியுங்கள். மீன் வாசனை இருந்தால் திரைச்சீலையையும் தலையணை உறையையும் முகர்ந்து பாருங்கள். அங்கேதான் இருக்கும், துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சமையல் வாசனை இல்லாமல், மண்ணும் பழைய காகிதமும் கலந்த மாதிரி ஒரு வாடை வந்தால் அது வேறு விஷயம். காலையில் ஜன்னல் கண்ணாடியின் அடியில் நீர் வழிகிறதா, அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிவைத்து, சமைக்காத நாளிலும் காலை மாலை ஜன்னலைத் திறந்து மூடுங்கள். புள்ளி பரவிக்கொண்டே போனால் படம் எடுத்து வீட்டு உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.